மை தீர்ந்த கதை

விஜயதசமி காலையில் கம்பத்து சண்முகராஜ் ஸ்டோரில் முதல் பில் வெள்ளையாக வந்தது. தாள் ஒழுங்காக நகர்ந்தது, கத்தி ஒழுங்காக வெட்டியது, எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை. பில் போடும் பவானி மறுபடியும் பிரிண்ட் கொடுத்தாள். மறுபடியும் வெள்ளை.

முதலாளி சண்முகராஜுக்கு முகம் செத்துவிட்டது. பத்தே காலுக்குள் நல்ல நேரத்தில் முதல் பில்லை அடித்து, சாமி படத்தின் முன்னால் வைத்தால்தான் அந்த வருஷ வியாபாரம் நிற்கும் என்பது அவர் கணக்கு. சுருளிப்பட்டியிலிருந்து வந்த முத்துலட்சுமி கையில் எண்ணெய் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர்.

"மை தீந்துபோச்சு," என்றான் ஈஸ்வரபாண்டி.

முதலாளியின் மச்சினன் அவன். எப்போதோ மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். படித்ததைவிட, படித்ததைச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அதிகம். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைக்கும் பொறுப்பையும் அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான். பிரிண்டரைத் திறந்து, தாள் சுருளை வெளியே எடுத்து, உள்ளே ஊதி, மூடி மேல் சந்தனம் குங்குமம் வைத்தான். யாரையும் கிட்டே விடவில்லை.

"இவ கண்டபடி பில்லு அடிச்சே மையெல்லாம் தீத்துட்டா மச்சான். நான் அன்னைக்கே சொன்னேன்ல, நம்ம கயலு சும்மாதான வீட்ல இருக்கு, அவள ஒக்கார வைக்கலாம்னு."

கயல் அவனுடைய கொழுந்தியா. பவானிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. நாலு வருஷமாக அவள் உட்கார்ந்த நாற்காலிக்கு வேட்டு வைக்கிறான்.

"மொதலாளி, அதுக்கு மை..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாத. மெஷினத் தொடாத," என்றான் ஈஸ்வரபாண்டி. "மச்சான், தேனிக்குப் போன் போடுறேன். வேன்ல கொடுத்துவிடச் சொல்லலாம்."

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். பெருமை யாரை விட்டது! பிரிண்டர் விற்ற தேனிக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, அது தெர்மல் பிரிண்டரு. அதுக்கு மையே கெடையாது. சூடு பட்டு பேப்பருதான் கருக்கும். யாருண்ணே மை கேக்கச் சொன்னது?"

முத்துலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேறொருவனாக இருந்தால் அங்கேயே பூமிக்குள் போயிருப்பான். ஈஸ்வரபாண்டிக்கு அந்த வழக்கமெல்லாம் இல்லை.

"அப்ப சூடு போடுற தலை போச்சு. இவதான் கெடுத்துருக்கா," என்றான் போனை வைத்த கையோடு. "வேற மெஷின் வாங்கணும். ஆளையும் மாத்துங்க."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பவானியைப் பார்க்காமலே சொன்னார்: "பவானி, நீ இன்னையோட நின்னுக்க ஆத்தா. கணக்கு நாளைக்குப் பாத்துக்கிருவோம்."

அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டது. மூணு மாதம் படித்த இந்த மேதையிடம் தோற்று வெளியே போவதா?

"நின்னுக்கிறேன் மொதலாளி. இத மட்டும் பாத்துட்டு அனுப்புங்க."

வெள்ளையாக வந்த பில்லை எடுத்து, மேல்பக்கம் நகத்தால் அழுத்திக் கீறினாள். ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டு அதே மாதிரி கீறினாள். கறுப்புக் கோடு விழுந்தது.

"கருக்குற மருந்து இந்தப் பக்கந்தான் இருக்கு. தலை சூடு வைக்கிறது அந்தப் பக்கம். பூஜைக்குத் தொடைச்சப்ப சுருள எடுத்தவுக, தலைகீழாப் போட்டுருக்காக."

பவானி மூடியைத் திறந்து, சுருளைத் திருப்பி வைத்து, தாளின் நுனியை வெளியே இழுத்து, மூடியை அழுத்தினாள். பிரிண்ட் கொடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டு எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க போற?" என்று பதறினார் சண்முகராஜ்.

"நீங்கதான நிக்கச் சொன்னீக."

"அட, ஏதோ அவசரத்துல சொன்னது ஆத்தா. ஒக்காரு."

"ஒக்காருறேன். இனிமே இந்த மெஷின் பக்கம் அண்ணே வரக்கூடாது. அத நீங்க இப்பவே, இங்கனயே சொல்லணும்."

"ஏய், யாருகிட்ட..." என்று பாய்ந்தான் ஈஸ்வரபாண்டி.

சண்முகராஜ் மச்சினனைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். நாலு வருஷ வேலையும் கண்ணெதிரே கண்ட உண்மையும் அவரை அசைத்தன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல நேரம் முடிய இன்னும் மூன்றே நிமிடம் இருந்தது.

"மாப்ள, நீங்க அரிசி மூட்டைப் பக்கம் போயி நில்லுங்க," என்றார்.

பவானி உட்கார்ந்து முத்துலட்சுமிக்குப் பில் அடித்தாள். பளிச்சென்று கறுப்பாக வந்தது.