ஏரிக்குள் ஒரு நேர்கோடு

வேலாம்பட்டு பஸ்ஸில் ஸ்லைடு புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் லூர்துசெல்வி. புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைபடம் போடுவது அவள் வேலை. ஊர்க்காரர்கள் முன்னால் பேசுவது இதுதான் முதல் தடவை. கூப்பிட்டவர் பக்கிரி. ஏரிப் பாசனக்காரர்களுக்குத் தலைவர். ஏரி சுருங்கிக்கொண்டே வருகிறது, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து படம் போட்டுக் காட்டுங்கள் என்று ஆபீசுக்கே தேடி வந்து கேட்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடத்தில் கூட்டம் திமிறியது. சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, சன்னல்களைச் சாக்கால் மறைத்திருந்தார்கள். முதல் படம் விழுந்ததும் சலசலப்பு சட்டென்று நின்றது.

"இது எழுபத்திமூணு சனவரி. கறுப்பா இருக்கிறது தண்ணி. செவப்பா இருக்கிறது பயிர், மரம். பச்சைதான் இந்தப் படத்துல செவப்பா தெரியும்."

அடுத்த படம் போன வருஷ சனவரி. கிழக்கே ஏரிக்கரை அப்படியே இருந்தது. மேற்கே மட்டும் கறுப்புக்குள் சிவப்பு புகுந்திருந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பக்கம் கரும்பு போட்டிருப்பவர் ராமலிங்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சாயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

ராமலிங்கம் பதறவில்லை. அந்த வருஷம் நல்ல மழை, போன வருஷம் கம்மி, தண்ணீர் குறைந்தால் ஓரம் உள்ளே வரத்தான் செய்யும், இதில் என்ன அதிசயம் என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள்.

லூர்துசெல்வி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள். குச்சியைத் தெற்கு ஓரத்தில் வைத்தாள்.

"தண்ணி குறைஞ்சா சுத்திலும் குறையும் ஐயா. தெற்குலயும் தரை ஆழமில்லாமதான் இருக்கு. அங்க ரெண்டு படத்துலயும் ஓரம் ஒரே எடத்துல நிக்குது. மேற்குல மட்டும் உள்ள வந்திருக்கு, அதுவும் நேர்கோடா. தண்ணி தரையோட வளைவுக்குத்தான் நிக்கும். இப்படி நேரா நிக்கணும்னா யாராச்சும் வரப்பு போட்டிருக்கணும்."

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. பக்கிரியின் ஆட்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த ஆயம்மா, ஏரியில் மீன் பிடித்து விற்பவள், எழுந்து வேட்டிக்குக் கிட்டே போனாள். வடக்கு மூலையில் விரலை வைத்தாள்.

"இங்கயும் பொட்டுப் பொட்டா செவப்பு தெரியுதே. இது யாருது?"

லூர்துசெல்வி ஆபீசிலேயே அதைப் பார்த்திருந்தாள். சின்னதாயிற்றே என்று பேச்சில் சேர்க்காமல் விட்டிருந்தாள். மழுப்பினால் இதுவரை சொன்னதெல்லாம் கெட்டுப்போகும்.

"அஞ்சு புள்ளி. ஒரு புள்ளி ஏறக்குறைய பத்து சென்ட். பயிராவும் இருக்கலாம், தண்ணிமேல படர்ந்த ஆகாயத்தாமரையாவும் இருக்கலாம். பழைய படத்துல ஒரு புள்ளியே ஒரு ஏக்கருக்கு மேல, அதைவிடச் சின்னது தெரியாது. அதனால அப்ப இருந்துச்சான்னு சொல்ல முடியாது. யாருதுன்னும் படம் சொல்லாது. போய்ப் பார்க்கணும், அளக்கணும்."

எல்லோரும் பக்கிரியைப் பார்த்தார்கள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார்.

"தாமரை இல்லம்மா, நெல்லு. நான்தான் போட்டிருக்கேன். மூணு வருஷமா போடறேன்."

ராமலிங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பக்கிரி தொடர்ந்தார். "அறுப்பு முடிஞ்சதும் என் வரப்ப நானே வெட்டி விட்டுடறேன். ஊரு சாட்சி. இப்ப அண்ணன் சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் மேற்குக் கரும்புக்காரர் பக்கம் திரும்பின. படம் பொய், அளந்து பார்த்தால் தெரியும் என்றார் ராமலிங்கம். அளப்போம் என்று பஞ்சாயத்து அந்த இடத்திலேயே முடிவெடுத்தது. சர்வேயருக்கு எழுதிக் கொடுக்க ஆயம்மாவும் கைநாட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் சங்கிலி பிடித்து அளந்தார்கள். லூர்துசெல்வியும் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே ஓடினாள். கரும்புக்குள் ஆள் உயரத்துக்கு மேல் தோகை, முகமெல்லாம் கீறல். வயலின் மேற்கு ஓரத்தில், கரும்பு தொடங்கும் இடத்தில், சர்வேயர் மண்வெட்டியால் கொத்தச் சொன்னார். நாலாவது கொத்தில் டங்கென்றது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து ஏரி எல்லைக்கல். அதற்குக் கிழக்கே இருந்த கரும்பு அத்தனையும் ஏரிக்குள்.

ராமலிங்கம் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கரும்பு வெட்டு முடிந்ததும் வரப்பை எடுத்துவிடுவதாக, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். வடக்கு மூலையில் அறுப்பு முடிந்து, பக்கிரியின் வரப்பு ஏற்கெனவே பாதி வெட்டப்பட்டிருந்தது. அதன் வழியே தண்ணீர் கலங்கலாக உள்ளே ஏறிக்கொண்டிருக்க, ஆயம்மா முழங்காலளவு இறங்கி நின்று, லூர்துசெல்வியை வந்து பார்க்கச் சொல்லிக் கையாட்டினாள்.