இருநூறு பேருக்கு ஒரு வெள்ளிக்கிழமை

வட்டவளைப் பள்ளிவாசல் நிர்வாக சபையில் மிஸ்வர் செயலாளராகி மூன்று மாதம்தான். அதற்குள் அவர் போட்ட இப்தார் திட்டத்தைக் கேட்டால், நாட்டையே கொடுத்தாலும் நடத்திவிடுவார் என்று தோன்றும். இருநூறு பேர். நூற்றிருபது பேர் நோன்பாளிகள், எண்பது பேர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து விருந்தாளிகள். ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம், ஒரு கீற்றுத் தர்ப்பூசணி, ஒரு கோப்பை கஞ்சி. மஃரிப் தொழுகை முடிந்ததும் இருபது கிலோ அரிசியில் கோழி பிரியாணி. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் நாற்பது சஹன் தட்டுகள். ஒவ்வொன்றிலும் நம்மவர் மூவர், அவர்கள் இருவர்.

"ஒரே தட்டுல கை வெச்சாத்தான் ஒத்துமை," என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னார். நோன்புக் களைப்பில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதை அவர் ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

இப்தார் நாளன்று ஜும்ஆ தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம், தோட்டத்துக் கோயில் தலைவர் ஜீவராஜ் ஒரு வாழைப்பழத் தாரோடு வந்தார். மிஸ்வரை அவர் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, எல்லாரும் சந்தோசமா வாறோம்னு சொல்லிட்டாங்க. ஒரே ஒரு விசயம். இன்னைக்கு வெள்ளிக்கெழமைங்களே."

"ஓ, வெள்ளிக்கிழமைதான். அதுக்கென்ன?"

"எங்க ஆளுக கறி தொடமாட்டாங்க."

மிஸ்வருக்கு நாக்கு ஏற்கெனவே வறண்டுதான் இருந்தது. இப்போது அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. முப்பது வருடமாக அந்தக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் எதிர்க் கோழிக்கடை ஈயோட்டுவதைப் பார்த்திருக்கிறார். அந்த அறிவு திட்டம் போடும்போது எங்கே போய்த் தொலைந்ததென்று தெரியவில்லை.

பின்கட்டில் சமையல்காரர் பாயிஸ் கோழியைக் கழுவிக்கொண்டிருந்தார். கஞ்சிக்கு அடுப்பு எரியத் தொடங்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கோழியைக் கீழே வைத்தார்.

"அப்ப எண்பது பேருக்கு வேற தட்டு, வேற சோறா? ஒங்கட ஒத்துமைக்கு நடுவுல சுவர் கட்டுவமா?"

மிஸ்வர் கோழியை முறைத்தார், அது செய்த குற்றம்போல. பாயிஸ்தான் வழி சொன்னார். கஞ்சியில் கறி போடாமல் தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, ரம்பை இலை மட்டும். இருபது கிலோ அரிசியும் மரக்கறிச் சோறு. கோழி தனிக் குழம்பாகச் சின்னக் கிண்ணங்களில். வேண்டியவன் தன் பக்கத்துச் சோற்றில் ஊற்றிக்கொள்வான்.

"சட்டி?" என்றார் கூடவே வந்திருந்த ஜீவராஜ் தயங்கியபடி. "எனக்கு ஒன்னுமில்லீங்க. எங்க மாமியார் பேச்சியம்மா கேப்பாங்க. கறி வெந்த சட்டியான்னு."

ஒரு மணி நேரத்தில் கோயில் அன்னதான அண்டாக்கள் மூன்றும் முச்சக்கர வண்டியில், தலையை வெளியே நீட்டியபடி, பள்ளிவாசல் வாசலுக்கு வந்தன. தொழுதுவிட்டுப் படியில் சாய்ந்திருந்த கிழவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

அடுத்த சிக்கல் உப்பு. சமைப்பவர்கள் எல்லாரும் நோன்பு. நுனி நாக்கில் வைத்துத் துப்பலாம்தான், ஆனால் பாயிசுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நோன்பில்லாத ஒரே ஆள் ஜீவராஜ். அவர் பொறுப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். கஞ்சியில் ஒரு கோப்பை குடித்து, "கொஞ்சம் போடலாங்க" என்றார். போட்டதும் இன்னொரு கோப்பை. சோற்றில் ஒரு பிடி. அப்புறம் யாரும் கேட்காமலே கோழிக் குழம்பின் பக்கம் நகர்ந்தார்.

"இது ஒங்களுக்கு ஆகாதே," என்றார் மிஸ்வர்.

"உப்புதான நானா பாக்குறேன்."

உப்பு ஒரு முழுத் தொடையில் இருந்தது போலும். அதை அவர் எலும்புவரை பார்த்துக்கொண்டிருந்தபோது, சஹன்களில் விரிக்க வாழையிலைக் கட்டோடு பேச்சியம்மா பின்கட்டுக்குள் நுழைந்தார்.

பேச்சியம்மா இலைகளைப் பாயிசிடம் கொடுத்தார். மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"உப்பு சரியா இருக்கா மாப்ள?"

"...இருக்குங்க அத்த."

"நல்லது. வயிறு நெறஞ்சுபோச்சுல்ல? இனி எல்லாருக்கும் நீங்கதான் பரிமாறணும்."

மாலை மூடுபனி முற்றத்துக்குள் இறங்கியது. பாங்கு ஒலித்ததும் இருநூறு கைகளும் பேரீச்சம்பழத்துக்குப் போயின. விருந்தாளிகள் சிலரின் கை கொஞ்சம் முன்பே போய்விட்டு, பக்கத்தாரைப் பார்த்துத் திரும்பி வந்திருந்தது. தொழுகைக்குப் பிறகு சஹன்கள் வந்தன. இரண்டு வாரமாக இறைச்சியே தின்று சலித்திருந்த நோன்பாளிகள் மரக்கறிச் சோற்றை வழித்துத் தின்றார்கள். கோழிக் கிண்ணங்கள் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் கஞ்சி, கஞ்சி என்று குரல் கொடுத்தபடி இருக்க, ஜீவராஜ் வாளியும் கையுமாக ஓடினார்.

பள்ளிவாசல் தலைவர் மிஸ்வரின் தோளைத் தட்டினார். "நல்ல யோசனை செயலாளர். வெள்ளிக்கிழமைன்னு பார்த்துத்தான் மரக்கறி போட்டீங்களோ?"

மிஸ்வர் பாயிசைப் பார்த்தார். பாயிஸ் வாயில் சோற்றோடு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

"திட்டம்ங்கிறது பின்ன எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, மிஸ்வர் அவசரமாக ஒரு கவளத்தை வாயில் திணித்துக்கொண்டார்.