நானூற்றைம்பது கோடியில் ஒரு சைபர்

நெப்டியூனைத் தூக்கிக்கொண்டு வந்து செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். அச்சடித்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பியும் ஆகிவிட்டது. கோளரங்கத்தின் மாத இதழ், ஆறாம் பக்கம், இரண்டாவது பத்தி: ‘சூரியனிலிருந்து நெப்டியூன் 45,00,00,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.’ நாற்பத்தைந்து கோடி. செவ்வாய் இருபத்துமூன்று கோடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, வியாழன் எழுபத்தெட்டுக்குப் பக்கத்தில். கணக்குப் போட்டுப் பார்த்த ஓர் ஆசிரியர், ‘நெப்டியூன் எப்போது குடிமாறி வந்தது?’ என்று கேட்டு எழுதியிருந்தார். நக்கலுக்கு யார் வீட்டிலும் பஞ்சமில்லை.

அந்தக் கட்டுரையைத் தமிழாக்கியவள் சின்னவள். கோளரங்கத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்த அக்காவும் அதே கட்டடத்தில் இருந்ததுதான் காரணம். அக்கா கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள். வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து தங்கையின் மொழிபெயர்ப்பில் அறிவியல் சரியா என்று பார்ப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், “ஆபீஸ்ல அக்கான்னு கூப்பிடாதே, மேடம்னு கூப்பிடு” என்றாள். சின்னவளுக்கு அது வாயில் நுழையவே இல்லை. “மே...” என்று ஆரம்பித்து “அக்கா” என்று முடிப்பாள். கடைசியில் வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் அக்கா ஆகிப்போனாள்.

நெப்டியூன் குடிமாறிய செய்தி வந்ததும் சின்னவள் பதறவில்லை, ஆச்சரியப்பட்டாள். அது அவள் கை எழுதியது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பெரிய எண்களை அவள் இலக்கத்தில் எழுதுவதே கிடையாது. ஆங்கிலக் கட்டுரையில் ‘நாலரை பில்லியன்’ என்று இருந்தால் தமிழில் ‘நானூற்றைம்பது கோடி’ என்று எழுத்திலேயே எழுதுவாள். எட்டு சைபரை வரிசையாக நிற்க வைத்தால் ஒன்று எப்படியும் நழுவும் என்பது அவள் கட்சி. மில்லியன் பத்து லட்சம்தானே, அந்த வேகத்தில் பில்லியன் பத்துக் கோடி என்று நாக்கு தானாகச் சறுக்கும். பில்லியன் நூறு கோடி. டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இந்தப் படிக்கட்டில் சறுக்கி விழாத மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவருக்கு மாலை போடலாம்.

அக்காவுக்குப் பத்தின் அடுக்கு ஒன்பது என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கோடிதான் தகராறு. அதனால்தான் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. “உன் எண்ணுல நான் கை வைக்க மாட்டேன். வச்சா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வைப்பேன்” என்று அக்காவே சொன்ன ஒப்பந்தம்.

நல்ல கூட்டணிதான் அது. தொலைநோக்கியில் சனிக்கோளைக் காட்டும் நிகழ்ச்சிக்குச் சின்னவள் ‘சனியைப் பார்க்க வாருங்கள்’ என்று தலைப்பு வைத்தபோது, “சனி நம்மளப் பார்க்காம இருந்தாப் போதாதா? நாமளே தேடிப் போய்ப் பார்க்கணுமா?” என்று காவலாளி சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. ‘சாட்டர்ன்’ என்று மாற்றிவிடலாம் என்றார். அக்காதான் எழுந்து, “புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் எல்லாம் தமிழ்ல இருக்கும், சனி மட்டும் வேஷம் மாத்திக்கணுமா சார்? பேரைக் கேட்டு நாம பயந்தா அதோட வளையம் கழண்டு விழுந்துடுமா?” என்று கேட்டாள். தலைப்பு அப்படியே நின்றது. அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது. யுரேனஸ், நெப்டியூன் இரண்டுக்கும் பழைய பெயர் கிடையாது, அவை அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்ததும் இந்த இருவர்தான். ‘வெள்ளிக்கிழமை மாலை வெள்ளி தெரியும்’ என்று எழுதிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததும் இதே இருவர்தான். பிறகு அது ‘வெள்ளிக்கோள்’ ஆனது.

எண்ணை யார் மாற்றியது என்று கண்டுபிடிக்க ரொம்ப அலையவில்லை. பக்கம் வடிவமைக்கும் அண்ணன் அவளைத் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கிக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“எழுத்துல இருந்தா ஒரு வரி கூடுதலாப் போகுதுன்னேன். அக்கா என் பக்கத்துல உக்காந்து, இலக்கமாப் போட்டுடுங்கன்னு அவங்களே சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். உன்கிட்ட சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன்மா.”

சின்னவளுக்குக் கோபம் வந்தது, கொஞ்சம்தான். மறந்திருப்பாள் என்று நினைத்தாள். மதியம் இயக்குநர் அறையில் கூட்டம் இருந்தது. அங்கே அக்காவே, ‘என் கை தவறிடுச்சு சார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அக்கா மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஆனால் தன் மேல் பழி விழுந்தால் சும்மா போகாது என்று சின்னவளுக்குத் தெரியும். அரைக்கோள அரங்கில் புதிய படம் வரப்போகிறது. சூரியனிலிருந்து பக்கத்து நட்சத்திரம் வரைக்கும் ஒரு பயணம். அதற்கான தமிழ் உரையை எழுத அவள் மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து படுத்திருக்க, இருட்டில் தன் வாக்கியம் அவர்கள் காதில் விழ வேண்டும். இதைவிட வேறு ஆசை அவளுக்கு இருந்ததில்லை. இந்த வாரம் அதை யாரிடம் கொடுப்பது என்று முடிவாகிறது.

கூட்டத்தில் இயக்குநர் இதழை மேசைமேல் போட்டார்.

“இது எப்படி நடந்தது?”

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடிக்கட்டும் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்கா துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“சார், அதுக்கு அடுத்த வாக்கியத்தைப் பாருங்க” என்றாள் சின்னவள் கடைசியில். “மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துல ஒரு பஸ் நிக்காம ஓடினா, நெப்டியூன் போய்ச் சேர ஐயாயிரம் வருஷத்துக்கு மேல ஆகும்னு எழுதியிருக்கேன். நாப்பத்தஞ்சு கோடின்னா ஐந்நூறு வருஷம்தான் வரும். நான் எழுதினது நானூத்தம்பது கோடி. எண்ணு மட்டும் அப்புறம் மாறியிருக்கு.”

இயக்குநர் கைப்பேசியில் வகுத்துப் பார்த்தார். கணக்கு ஒத்துவந்தது. அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

“நீங்க பார்த்தீங்களா இதை?”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“இந்தக் கட்டுரையை அவங்க எனக்கு அனுப்பவே இல்ல சார். நேரா லேஅவுட்டுக்குக் கொடுத்துட்டாங்க போல.”

அவங்க. சின்னவள் தலைக்குள் அந்த ஒரு வார்த்தைதான் நின்றது. பிறந்ததிலிருந்து ‘ஏய்’ என்றும் ‘வாடி’ என்றும் ‘கழுதை’ என்றும் கூப்பிட்ட வாய் அது. பொய்யைக்கூட அவள் தாங்கியிருப்பாள். கூசாமல் தன்னை யாரோ ஒருத்தி ஆக்கியதைத் தாங்க முடியவில்லை. வடிவமைப்பு அண்ணன் தன் பேனா மூடியை அப்படி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அதில்தான் நெப்டியூன் ஒளிந்திருக்கிறது என்பதுபோல. கட்டுரையை அக்காவுக்கு அனுப்பியதும், அக்கா ‘அருமைடி’ என்று பதில் போட்டதும் சின்னவள் கைப்பையில் இருந்த கைப்பேசியில் பத்திரமாக இருந்தன. கை பைக்குள் போகவும் போனது. எடுத்துக் காட்டினால், இத்தனை பேருக்கு முன்னால் அக்கா பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். கை வெறுமனே வெளியே வந்தது. அதற்காகப் பிறகு எத்தனையோ நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“சரி” என்றார் இயக்குநர். “புதுப் படத்துக்கு இந்த மாதிரி ஆகக் கூடாது. எண்ணெல்லாம் நிறைய வரும். அறிவியல் தெரிஞ்சவங்களே எழுதட்டும். அக்கா, நீங்களே பண்ணிடுங்க.”

அக்கா மறுக்கவில்லை.

மாடிப்படியில் அவள் சின்னவளின் தோளைத் தொட்டாள். “ஏய், கோவமா? இங்க எனக்கு ஆலோசகர் போஸ்ட் நிரந்தரமாகப் போற நேரம்டி. இப்பப் போய் பில்லியன் தெரியாதவன்னு பேர் வாங்க முடியுமா? நீ சின்னவ, உனக்கு ஆயிரம் வாய்ப்பு வரும். ஒரு சைபருக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே.”

“என்னை ‘அவங்க’ன்னு சொன்னியேக்கா.”

“ஆபீஸ்ல அப்படித்தானே சொல்லணும்?” என்றாள் அக்கா. நிஜமாகவே புரியாத முகத்தோடுதான் கேட்டாள். சின்னவள் தோளை விடுவித்துக்கொண்டு கீழே இறங்கினாள். கழுத்தறுத்தவள் ஏன் முகம் சுளிக்கிறாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வீட்டுக்குப் போய்த் துணியெல்லாம் துவைத்தாள். துவைத்திருந்ததையும் துவைத்தாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டையும் துணிமேல் காட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அனுப்பப்பட்டவை நுழைவுச்சீட்டு வாசகங்களும் ‘காலணிகளை வெளியே விடவும்’ வகையறாக்களும்தான். அக்கா இரண்டு முறை வீட்டுக்கு வந்தாள், பழம் வாங்கி வந்தாள், சாப்பிட்டாள், ஊர்க்கதை பேசினாள். நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சின்னவளின் கைப்பேசி அடித்தது. அக்கா.

“ஏய், அவசரம்டி. ஒலிப்பதிவு அறையில நிக்கிறேன். குரல் கொடுக்கறவர் மைக் முன்னாடி உக்காந்திருக்கார். பக்கத்து நட்சத்திரத்துக்கு நாப்பது டிரில்லியன் கிலோமீட்டர்னு இருக்கு. நாலு லட்சம் கோடியா, நாப்பது லட்சம் கோடியா? எனக்குத் தலை சுத்துது. நீ சொன்னா அப்படியே பதிவு பண்ணிடுவோம்.”

சின்னவள் ஈரப் போர்வையைக் கொடியில் போட்டாள். நாலு என்று சொன்னால் போதும். அக்காவின் பெயர் போட்ட படத்தில், அக்கா எழுதிய உரையில், அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரமே பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்து நிற்கும். நக்கல் அடிக்க ஆசிரியர்களுக்கா பஞ்சம்? நாலு என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் அதை மறைக்க விரும்பவில்லை, ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அண்ணாந்து படுத்திருக்கப் போகிற பிள்ளைகள் அவளுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

“நாப்பது லட்சம் கோடி” என்றாள்.

“அப்பாடா! நீ மட்டும் இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்?”

“வேற சந்தேகம் இருந்தா நாளைக்கு ஆபீஸ் நேரத்துல கூப்பிடுங்க, மேடம்.”

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

“என்னடி சொன்னே?” என்றாள் அக்கா. குரல் சட்டென்று சிறுத்துப்போயிருந்தது.

அன்று வாயில் நுழையாத வார்த்தை இன்று எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது.

“நாப்பது லட்சம் கோடி, மேடம். எழுத்துல எழுதிக்குங்க.”