சாசேஜுக்கு மருந்து போட்டேன்

பூந்தமல்லியில நான் நடத்துற கோல்ட் ஸ்டோரேஜ் கடைக்கு, சாசேஜ் கம்பெனி சேல்ஸ்மேன் வெற்றிச்செல்வன் புது பாக்கெட்டோட வந்தாரு. போன சரக்கு வாணலியில பாதி கொழுப்பா உருகி ஓடுதுன்னு கஸ்டமருங்க என்னைத்தான் திட்டினாங்க. அந்தத் திட்டை அப்படியே அவருக்குத் திருப்பிக் குடுத்தேன்.

"இது வேற சரக்கு, ஜுலைகா அக்கா. சுத்தமான கோழிக்கறி, மாவே கிடையாது. லேபிளைப் பாருங்க."

லேபிளை என் மூஞ்சிக்கு நேரா காட்டிகினே சாம்பிளை வெட்டினவரு, விரலையும் சேர்த்து வெட்டிக்கினாரு.

பாவம்னு அயோடின் மருந்து ஊத்தினேன். ரெண்டு சொட்டு சாசேஜ் துண்டு மேல விழுந்துச்சு. விரல்ல பழுப்பாவே இருந்த மருந்து, சாசேஜ்ல கருநீலமாச்சு. ஸ்கூல்ல உருளைக்கிழங்குல மாவுச்சத்து கீதான்னு பார்க்க இதைத்தான் விடுவோம்.

"மருந்து பழசாயிருக்கும்க்கா."

ஒரு பச்சைக் கோழித்துண்டு எடுத்து அதுலயும் சொட்டு விட்டேன். பழுப்பு மாறல.

அவர் பாக்கெட்டை வாங்கி, உருளைக்கிழங்கு ஃபிங்கர் சிப்ஸ் பக்கத்துல வெச்சேன்.

"அக்கா, அது சைவ ஃப்ரீசராச்சே"ன்னு பதறினாரு.

"பயப்படாத தம்பி. சைவக்காரங்க கோச்சிக்கிற அளவுக்கு இதுல கோழி இல்ல."