கத்தாத மாடு

மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இப்போது மாடு பருவத்துக்குக் கத்துவதும் இல்லை. விற்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று சைனுதீன் மீனாட்சிபுரத்திலிருந்து மாட்டு டாக்டர் ஜெஸ்னாவை வரவழைத்திருந்தான்.

டாக்டர் மாட்டின் பின்வழியே கையை விட்டுச் சூலகத்தைத் தடவினார். "மஞ்சள் உருண்டை கெட்டியா இருக்கு. இந்த மருந்து அதைக் கரைச்சிரும். மூணு நாள்ல கத்தும். கடைசியா கத்தினப்போ சினை ஊசி போட்டீங்களா?"

"இல்லீங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்," என்றான் சைனுதீன்.

டாக்டர் ஊசிக்குழலுக்குள் மருந்தை ஏற்றினார். சைனுதீனின் மனைவி ஜொஹரா தொழுவத்துத் தூணை இறுகப் பிடித்தாள்.

"போடாதீங்க! இவுங்க சித்தூர் போன அன்னிக்கு நான் ஆளக் கூப்பிட்டுப் போட்டுட்டேன். இருபத்திரண்டு நாளாச்சுங்க."

"எங்கிட்டச் சொல்லாமயா?"

"சொன்னா உட்டிருப்பீங்களாக்கும்!"

டாக்டர் ஊசியை மூடினார். "நல்லவேளை. சினையைத் தாங்குறதே அந்த உருண்டைதான். கருக்குழாயில உண்டாகிற கரு நாலஞ்சு நாள்ல கர்ப்பப்பைக்கு இறங்கும். பதினாறு, பதினேழாம் நாள் வாக்குல, தான் இருக்கறதா அது சேதி அனுப்பணும். அனுப்பலைன்னா கர்ப்பப்பையே உருண்டையைக் கரைச்சிரும். இங்க கரையல. கரு இப்பத்தான் ஒட்ட ஆரம்பிச்சிருக்கும்."

"அப்ப சினைதானுங்களா?"

"இருக்கலாம். ஒரு வாரம் கழிச்சு ஸ்கேன் பார்த்தாத்தான் உறுதி."

சைனுதீன் மனைவியைப் பார்க்கவில்லை. "அதுவரைக்கும் இருக்கட்டும்," என்றான்.

அந்த வாரம் முழுக்க, மாடு பசிக்குக் கத்தினாலும், பருவத்துக்குக் கத்துகிறதோ என்று ஜொஹரா தொழுவத்துக்கு ஓடினாள்.