மாமாவுக்கு ஏறிய பொட்டாசியம்

மாத்திரையா, கேக்கா என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கு. மாமனாருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று இருபத்தாறைத் தொட்டால் மாத்திரை, அதற்குக் கீழே இருந்தால் கேக் என்று டாக்டர் முன்னிலையில் மாமியார் தீர்ப்பு எழுதியிருந்தார். நான்கு மாதமாக மாமாவே ஜெயித்துக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினொன்று என்று ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்.

நான் வேலை பார்ப்பது பெரிய லேபில். மாமா ரத்தம் கொடுப்பதோ தெருமுனையில் இருக்கும் எங்கள் கலெக்‌ஷன் சென்டரில். அங்கே ரத்தம் எடுத்து டியூபை வண்டியில் எங்கள் லேபுக்கு அனுப்புவது எல்லாம் ஊசியக்காதான். "அவ கை ராசிம்மா. அங்க குடுத்தா சுகர் ஏறவே ஏறாது" என்பார் மாமா. அந்தப் பேட்டையே அப்படித்தான் நம்பியது. அங்கிருந்து வரும் டியூப்களில் சர்க்கரை ஏறினதே இல்லை. பாவி, நானும் பார்த்துவிட்டு, நடந்து நடந்து ஆரோக்கியமாகிவிட்ட ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை நான் லேபுக்குள் நுழையும்போதே சீனியர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்பது! இதயம் எப்ப வேணா நின்னுடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க!" அபாய அளவு வந்தால் உடனே சொல்வது லேப் விதி. அவர் போட்டிருந்தது எங்கள் வீட்டு நம்பர்.

டியூபை எடுத்துப் பார்த்தேன். மேலே சீரம் தெளிவாகத்தான் இருந்தது, ரத்த அணு உடைந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் தெரியும் சிவப்பு துளியும் இல்லை. ஆனால் லேபிளில் முந்தின நாள் தேதி. ஊசியக்காவுக்குப் போன் போட்டேன்.

"நேத்து வண்டி ரிப்பேரும்மா, வரலை. கெட்டுப்போகாம இருக்கட்டும்னு ஃப்ரிட்ஜ்ல வெச்சேன்."

"சுத்தாமலேயா?"

"மெஷின் உங்ககிட்டதான இருக்கு?"

"மத்த நாள்ல எங்க வெப்பீங்க?"

"ஜன்னல் ஓரமா. காலையில ஆறரைக்கு எடுக்கறது, பதினொண்ணரைக்கு வண்டி வரும். வண்டி வர்ற நேரத்தைத்தான் லேபிள்ல எழுதுவேன்."

ரத்தத்தை மெஷினில் சுழற்றிச் சீரத்தைத் தனியே பிரிக்கும்வரை அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். வெயில் படும் ஜன்னலில் ஐந்து மணி நேரம் என்றால் கல்யாண விருந்துதான். ஃப்ரிட்ஜில் வைத்தால் தீனி குறையும், ஆனால் குளிரில் அணுக்களின் பம்பு சோம்பிப்போய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். மாமாவின் இதயத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அதைப் புது ரத்தம்தான் சொல்லவேண்டும்.

ஆட்டோவில் போகும்போதே வீட்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாமல் மாமா கூடத்தில் நீட்டிப் படுத்திருந்தார். வெள்ளை வேட்டி வேறு மாற்றியிருந்தார். பக்கத்தில் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொல்வதை ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் டின் ஷூ அலமாரிக்குப் பின்னாடி. சாக்லேட்டு பிரிண்டர் அட்டைப் பெட்டில. எதிர்வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒரு முழு ஐஸ்கிரீம் என் பேர்ல இருக்கு. மன்னிச்சிடு. மறைச்சு வெச்சுட்டுப் போகமாட்டேன்."

"மாமா, அது தப்பு ரிசல்ட்டா இருக்கும். எழுந்திரிங்க, புதுசா எடுத்துச் சுத்திப் பாத்துடலாம்."

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு அத்தையின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். சாவதே மேல் என்று அவருக்குத் தோன்றியது முகத்திலேயே தெரிந்தது.

ஜன்னல், ஃப்ரிட்ஜ் கதையை வழியெல்லாம் சொல்லி இருவரையும் கூட்டிவந்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமலிருந்த மாமாவுக்கு லேபில் நானே ரத்தம் எடுத்தேன். உறைய அரைமணி விட்டு உடனே மெஷினில் போட்டேன். டியூப் சுற்றச் சுற்ற மாமா கண்ணாடி வழியே கையெடுத்துக் கும்பிட்டார். பொட்டாசியம் நான்கு புள்ளி மூன்று. ஒரு குறையும் இல்லை. அவர் துள்ளிக் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது.

அடுத்த வரியைப் படித்தேன். சர்க்கரை நூற்று எழுபது.

"ஊசியக்காகிட்டயே குடுத்திருக்கலாம்" என்றார் மாமா, குதிப்பதை நிறுத்திவிட்டு. "ஜன்னல்ல வெச்சா நல்ல ரிசல்ட் வருதே."

"ரத்தம் வெயில்ல காயும்போது சர்க்கரை டியூப்லதான் மாமா குறையும். உங்க உடம்புல இல்ல."

எனக்குக் கோபமாக வந்தது. ஊசியக்காமேல், வண்டிமேல், சர்க்கரையைத் தின்று தீர்த்த அணுக்கள்மேல். இன்றே ஒரு சுத்துற மெஷின் அங்கே போகவேண்டும் என்று சீனியரிடம் சத்தம் போட்டேன்.

அத்தை நான்கு மாத ரிப்போர்ட்டையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றின் அடியிலும் விரலை வைத்தார்.

"நாலு மாசமா மாத்திரை இல்லாம விட்டோமே. இதுல கையெழுத்துப் போட்டது யாரும்மா?"

நான்குமே என் கையெழுத்து.