திங்களும் செவ்வாயும்

எமில்டா அந்த மெயிலை முதலில் எழுதியபோது இனிகோவின் பெயர் அதில் ஐந்து இடத்தில் இருந்தது. அனுப்பும்போது ஓர் இடத்தில்கூட இல்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு கப்பல் ஏஜென்சியின் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் அவளுக்கு வேலை. பதினோரு வருசம் ஆகிவிட்டது. கன்டெய்னர் கப்பலேறுவதற்கு முன்னால் அதில் என்ன சரக்கு, யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார் என்பதையெல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் அடித்து பி.எல். தயார் செய்யவேண்டும். பி.எல். என்பது சரக்குக்கான கப்பல் பத்திரம். அதில் ஒரு எண் மாறினால் அங்கே போய்ச் சேரும் பெட்டியை எடுக்க முடியாமல் வாங்குகிறவர் தவித்துப்போவார். எமில்டா கை வைத்த பத்திரத்தில் தப்பு வராது என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் அந்த வேலைமேல் ஒரு பிரியம் உண்டு.

அவள் கணவன் இனிகோ கப்பலில் செகண்ட் எஞ்சினியர். ஏழு மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். வீடு கடற்கரை ஊரான மணப்பாட்டில். மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. தினமும் போய்வர முயன்று, ஒரே மாதத்தில் காய்ச்சலில் விழுந்து, கடைசியில் எமில்டா பெண்கள் விடுதியில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். சனி ராத்திரி ஊருக்குப் போவாள். திங்கள் விடியுமுன்னே பஸ் ஏறுவாள்.

இந்தத் தடவை இனிகோ வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அதில் அவளுக்குக் கிடைத்தது ஐந்து ஞாயிறு. அவனும் தூத்துக்குடிக்கு வந்து தங்க முடியாது. அவனுடைய அப்பா ஜேசுபாதம் ஜனவரியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இப்போதுதான் வாக்கரைப் பிடித்து நாலு அடி வைக்கிறார். மகன் கடலில் இருக்கும்போது பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் ஆனிதான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். லீவில் வந்தவன் அந்தப் பாரத்தைத் தானே எடுத்துக்கொண்டான்.

"ஏளா, நான் கப்பல்ல இருந்தாலும் போன்லதான் பேசுதோம், வீட்டுல இருந்தாலும் போன்லதான் பேசுதோம்" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்துவிட்டான். அவளால் முடியவில்லை. அன்றைக்குத்தான் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அந்த முதல் மெயிலை எழுதினாள்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆசை, ஏக்கம், பஸ், காய்ச்சல் எல்லாம் இருந்தது. மேலாளர் செல்வதுரைக்கு இதைப் படித்தால் இரக்கம் வரும். அவர் நாசரேத்துக்காரர், நல்ல மனுசர். ஆனால் இரக்கத்தில் கொடுப்பதை அடுத்த மாதம் நெருக்கடி வந்தால் எடுத்துவிடுவார்கள். அதோடு பக்கத்து மேசை ஷீஜா என்ன நினைப்பாள்? அவளுக்கும் சாத்தான்குளத்தில் சின்னக் குழந்தை இருக்கிறது.

எமில்டா எல்லாவற்றையும் அழித்தாள். மறுநாள் காலையில் அலுவலகம் போனதும் வேறு வேலை செய்தாள். போன இரண்டு மாதத்து மெயில்களைத் திறந்து, திருத்தம் கேட்டு வந்தவை எத்தனை மணிக்கு வந்தன என்று ஒரு தாளில் குறித்தாள். அவள் நினைத்ததுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் வாங்குகிறவர்கள் நமக்கு ராத்திரியாகும்போதுதான் பத்திர நகலைப் பார்த்து எழுதுகிறார்கள். பாதிக்கு மேல் திருத்தங்கள் விடிவதற்குள் வந்து காத்துக்கிடக்கின்றன. அலுவலகம் ஒன்பதரைக்குத் திறக்கிறது. பதினொன்றரை வரைக்கும் பிரிவில் இருக்கும் நாலு பேரும் அதிலேயே மல்லுக்கட்டுகிறார்கள். அன்றைய வேலை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய் ஷீஜா ஏழரை பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.

எழுதுவதற்கு முன்னால் ஷீஜாவிடம் பேசினாள்.

"காலைல ஆறரைக்கு நான் வீட்டுல இருந்தே திருத்தம் எல்லாத்தையும் முடிச்சு வச்சிட்டா, நீ சாயங்காலம் ஆறரைக்குக் கெளம்பிரலாம். ஆனா நேர்ல வார கஸ்டமரையும், மூணரைக்கு நான் முடிச்ச பெறவு வாரதையும் நீதான் பாக்கணும். சரிப்படுமா?"

ஷீஜா கொஞ்சம் யோசித்தாள். "ஆறரைக்குக் கெளம்புனா பிள்ளை தூங்குறதுக்குள்ள போயிருவேன்க்கா. எழுதுங்க. என் பேரையும் போட்டுக்கோங்க."

மெயில் ஆங்கிலத்தில்தான் போனது. சுருக்கமாக, இரண்டு பக்கம் ஆகாமல் எழுதினாள். முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டாள்: திங்கள், செவ்வாய், வெள்ளி மூன்று நாளும் காலை ஆறரை முதல் மாலை மூன்றரை வரை வீட்டிலிருந்து வேலை. அடுத்து, அதனால் பிரிவுக்கு என்ன லாபம்: ராத்திரி வந்த திருத்தங்கள் ஒன்பதரைக்குள் முடிந்திருக்கும், வாடிக்கையாளருக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் பதில் போகும், மற்ற மூவரும் அன்றைய பத்திரங்களில் நேரே இறங்கலாம். தாளில் குறித்த கணக்கையும் இணைத்தாள். பிறகு, தன்னால் வீட்டிலிருந்து முடியாதது எது என்பதையும் அவளே எழுதினாள். அசல் பத்திரம் அச்சடித்து, முத்திரை வைத்துக் கொடுப்பது அலுவலகத்தில்தான் நடக்கவேண்டும். அது புதனும் வியாழனும் சனியும் வருகிற வேலை, அந்த மூன்று நாளும் அவள் அங்கே இருப்பாள். மூன்றரைக்குப் பிறகு வருவதை யார் பார்ப்பார்கள் என்று ஷீஜாவோடு பேசி முடித்ததையும் சொன்னாள். கடைசியில்: 'ஆறு வாரம் சோதனையாகப் பார்க்கலாம். பதில் போகும் நேரம், பத்திரத்தில் தப்பு, இரண்டையும் வாராவாரம் அனுப்புகிறேன். எது மோசமானாலும் மறுவாரமே பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுகிறேன்.'

மூன்று நாள் பதில் இல்லை. செல்வதுரை அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எமில்டா நிமிர்ந்து பார்த்தாள். அவர் காப்பிக்குப் போனார், வந்தார், எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் மெயில் வந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் கேட்டதாகவும், சில கேள்விகள் இருப்பதாகவும் எழுதியிருந்தார். மணப்பாட்டில் நெட் எப்படி? வாடிக்கையாளர் காகிதங்கள் வெளியே போகாதா? கப்பல் திடீரென்று முன்கூட்டி வந்தால்?

ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுதினாள். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது, அது போனால் வேறொரு போன் கம்பெனியின் சிம் இருக்கிறது. கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி இணைப்பில் மட்டும்தான் வேலை. வீட்டில் ஒரு தாள்கூட அச்சடிக்க மாட்டாள். கப்பல் முன்கூட்டி வந்தால் முந்தின நாள் மாலைக்குள் சொன்னால் போதும், காலையில் அலுவலகத்தில் இருப்பாள்.

ஜூலை ஏழாம் தேதி முடிவு வந்தது. மூன்று நாள் இல்லை, இரண்டு நாள்: திங்களும் செவ்வாயும். ஆறு வாரம் இல்லை, நான்கு. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து தொடங்கலாம்.

அவள் போனை எடுத்து இனிகோவைக் கூப்பிட்டாள். "சனி ராத்திரி வந்தா புதன் விடியக் கெளம்புனாப் போதும். மூணரைக்கு மேல நான் சும்மாதான் இருப்பேன்."

"மூணரைக்கா?" என்றான். "அப்போ வெயில் தாழ ரெண்டு பேரும் கடக்கரைக்குப் போலாம்ளா."

ஆறு வருசக் கல்யாணத்தில் வேலைநாள் ஒன்றின் சாயங்காலத்தில் அவர்கள் சேர்ந்து நடந்ததே இல்லை. அவள் அன்று முழுக்க அந்த ஒரு நடையை நினைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கப்பல் கம்பெனியிலிருந்து இனிகோவுக்கு அழைப்பு வந்தது. கப்பலில் இருக்கும் எஞ்சினியர் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, இருபத்தெட்டாம் தேதி சிங்கப்பூரில் கப்பல் ஏறவேண்டும். மூன்று மாதம் என்று வந்தவனை இரண்டே மாதத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். ஊரிலிருந்து இருபத்தாறாம் தேதி கிளம்பினால்தான் சரியாக வரும்.

ஆகஸ்ட் முதல் தேதி அவன் கடலில் இருப்பான். அவள் செல்வதுரைக்கு ஒரு மெயில் எழுதினாள். இதில் எதையும் மறைக்கவில்லை. 'என் கணவர் இந்த மாதம் இருபத்தாறாம் தேதி கப்பலுக்குக் கிளம்புகிறார். சோதனையைப் பதினான்காம் தேதி தொடங்க முடியுமா? வேலைத் திட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. முடியாவிட்டால் ஒன்றாம் தேதியே சரி.'

செல்வதுரை பதில் எழுதவில்லை. அறைக்குக் கூப்பிட்டார்.

"இது மொத மெயில்ல இல்லையே, எமில்டா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"எழுதியிருந்தா அது எனக்காகக் கேட்டதா ஆயிரும் சார். அதுல சொன்ன கணக்கு எல்லாம் நெசம். அவர் ஊர்ல இல்லைன்னாலும் நெசம்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சென்னைக்கு நான் அனுப்புனது உங்க மொத மெயிலைத்தான். இதை அனுப்பி அவங்ககிட்டக் கேட்க முடியாது." எமில்டா தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனவளை அவர் உட்காரச் சொன்னார். "ஆனா தேதி நான் போட்டது. நாலு வாரத்தை எப்போ தொடங்கணும்னு அவங்க சொல்லலை. பதினாலாம் தேதியே தொடங்குங்க. ஒண்ணு மட்டும். தப்பு வந்துச்சுன்னா நானும் சேர்ந்துதான் பதில் சொல்லணும்."

இப்படியாக, அவன் கிளம்புவதற்குள் அவளுக்கு நான்கு நாள் கிடைத்தது. இரண்டு திங்கள், இரண்டு செவ்வாய்.

முதல் திங்கள் ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். இனிகோ காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எதுக்கு இப்படிப் பாக்குதீங்க?"

"நீ வேலை பாத்து நான் பாத்ததே இல்லைல்லா."

அவள் உதட்டை அசைத்துக்கொண்டே கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பாளாம். அவனுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து மாமனார் வாக்கரைத் தட்டிக் கூப்பிட்டால் அவன் எழுந்து போனான். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். பதினேழு திருத்தங்களை ஒன்பது மணிக்குள் முடித்து அனுப்பினாள். மூன்றரைக்கு லேப்டாப்பை மூடினாள்.

நான்கு சாயங்காலமும் நடந்தார்கள். சிலுவைக் கோயில் இருக்கும் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். பெரிதாக எதையும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணி மோட்டார் வாங்கணும், ஆனி மகனுக்குக் காலேஜ், அப்பாவுக்கு இன்னொரு எக்ஸ்ரே. கடைசிச் செவ்வாய் அவன் அவள் கையை ஊருக்குள் வந்த பிறகும் விடவில்லை. யாராவது பார்ப்பார்கள் என்று அவளும் சொல்லவில்லை.

இருபத்தாறாம் தேதி அவன் போனான்.

அந்த ஞாயிறு ராத்திரி விடுதிக்குத் திரும்பிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. அவன் இல்லாத வீட்டில் எதற்காக விடியற்காலையில் எழுந்து உட்காரவேண்டும்? ஆனால் சோதனையில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. இப்போது விட்டால் செல்வதுரை அவள்மேல் வைத்த நம்பிக்கையும் போய்விடும், ஷீஜாவின் ஆறரை பஸ்ஸும் போய்விடும். இருந்தாள். திங்கள் ஆறரைக்கு லேப்டாப்பைத் திறந்தபோது எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. அவளே எழுந்து போய்க் காப்பி போட்டாள், மாமனாருக்கும் சேர்த்து.

நான்கு வாரம் முடிந்ததும் கணக்கை அனுப்பினாள். அந்த எட்டு நாளில் திருத்தங்கள் எல்லாம் ஒன்பதரைக்குள் முடிந்திருந்தன. தப்பு ஒன்று வந்திருந்தது. வாங்குகிறவர் முகவரியில் ஒரு கதவு எண். அதையும் மறைக்காமல் எழுதி, இனி எப்படித் தடுப்பாள் என்றும் எழுதினாள். ஒரு வாரம் கழித்து செல்வதுரையின் பதில் வந்தது. அடுத்த மார்ச் வரை இதே ஏற்பாடு தொடரலாம், அப்போது மறுபடி பார்க்கலாம். ஷீஜாவையும் வெள்ளிக்கிழமை ஒரு நாளுக்கு இதேபோல் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார்.

இனிகோ அப்போது எங்கோ இந்தியப் பெருங்கடலில் இருந்தான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சிக்னல் கிடைத்தால் கூப்பிடுவான். அடுத்த திங்கள் காலையில் அவன் கூப்பிட்டபோது விசயத்தைச் சொன்னாள்.

"பிப்ரவரி கடைசில நான் வாரேன்" என்றான். "அதுவரைக்கும் விட்டுராதளா."

"விட்டுருவேனா?"

லைன் அறுந்துபோனது. மறுபடி வரும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தாள். வரவில்லை. மணி ஏழேகால் ஆகியிருந்தது, இன்னும் பதினொரு திருத்தம் பாக்கி. போனைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பத்திரத்தைத் திறந்தாள்.